படுக்கையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: இரவு ஷிப்ட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு, நெஞ்செரிச்சல் பற்றி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் பிரிவில் 11 ஆண்டுகளாக இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் இரவு வேலையைத் தவிர்க்க முடியாது. பகலில் பறித்த கொழுந்து மாலைக்குள் லாரியில் வந்து சேரும். அதை வாட்டும் தொட்டியில் பரப்பி, ஈரம் இறங்கிய பிறகுதான் எந்திரத்தில் போட முடியும். அதற்குள் நள்ளிரவாகிவிடும். இரவு 10 மணிக்கு உள்ளே போனால் காலை 6 மணிக்கு வெளியே வருவோம். புதிதாகச் சேரும் பையன்கள் முதல் மாதம் தூக்கத்தைப் பற்றிப் புலம்புவார்கள். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் வயிற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அவர்களுக்கு நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அது இரண்டாம் ஆண்டில் வந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் ஒன்றரை மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடும். மார்பு எலும்புக்குப் பின்னால் தீ வைத்தாற்போல் இருக்கும். தொண்டை வரை புளிப்பாக ஏறி வரும், சில நாள் அது மூச்சில் போய் இருமல் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தால் சற்றுத் தணியும், படுத்தால் மறுபடி ஏறும். காரம்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பளித்தார்கள். ஒரு மாதம் மிளகாயில்லாத சாம்பாரைத் தின்று பார்த்தேன். நாக்கு செத்ததுதான் மிச்சம், எரிச்சல் அப்படியே இருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய ரோஸ் நிறச் சிரப்பைக் குடித்தால் அரை மணி நேரம் அடங்கும், பிறகு பழைய கதைதான்.

கடைசியில் ஒரு மருத்துவரிடம் போனேன். வயிற்றைத் தடவிப் பார்த்தவர், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் படுக்கிறாய்?" என்று கேட்டார். கால் மணி நேரம் இருக்கும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

அவர் விளக்கியது இதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது, சுருக்குப்பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். இரைப்பை நிறைந்து விம்மினால் அந்த வாய் இடையிடையே தானாகத் தளரும். எல்லோருக்கும் தளரும், ஏப்பம் வருவதும் அப்படித்தான். நிமிர்ந்திருப்பவனுக்குத் தளர்ந்த வாய் வழியாகப் பெரும்பாலும் காற்றுதான் போகும். படுத்திருப்பவனுக்கு அமிலமும் சேர்ந்து வரும். அதோடு தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், விழுங்குவதும் குறைந்துவிடும். விழித்திருக்கையில் மேலேறிய அமிலத்தை எச்சில்தான் கழுவிக் கீழே அனுப்புகிறது. தூங்குபவனுக்கு அந்தக் கழுவல் இல்லாததால் ஏறிய அமிலம் ஏறிய இடத்திலேயே நின்று சுடுகிறது.

ஒரு சாதாரணச் சாப்பாட்டில் பாதி இரைப்பையை விட்டு இறங்கவே இரண்டு மணி நேரம் போல ஆகும். எண்ணெயும் கொழுப்பும் கூடினால் இன்னும் தாமதமாகும். ஆகவே சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. 2005இல் ஜப்பானிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மணி நேரத்துக்குள் படுத்துவிடுபவர்களிடம் இந்த நோய், நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. படுப்பதுதான் நோயைத் தந்தது என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் எனக்குக் கால் மணி நேரத்தில் படுக்கிறவன் என்ற பட்டம் இருந்ததால், சோதித்துப் பார்க்கத் தயங்கவில்லை.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எதையும் மாற்றாமல் ஒரு வாரம் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எரிந்தது, அப்போது படுத்திருந்தீர்களா, நின்றிருந்தீர்களா, குனிந்திருந்தீர்களா. தேநீரையும் சாப்பாடாக எழுதுங்கள். வாயில் போடும் வெற்றிலைப் பாக்கையும் விடாதீர்கள். என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருந்தது: இரவு 8 மணிக்குச் சோறு, முட்டைக் குழம்பு. 8.20 முதல் 9.15 வரை ஒரு குட்டித் தூக்கம். 11 மணிக்குத் தேநீர். 2 மணிக்குத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோன சோறு, அதே குழம்பு. 4.30க்குத் தேநீரும் மூன்று வர்க்கியும். காலை 6.45க்கு நான்கு தோசை, தேங்காய்ச் சட்னி. 7 மணிக்குப் படுக்கை. 8.30க்கு எரிச்சல். அந்த வாரம் ஏழு நாளில் ஆறு நாள் எரிந்திருந்தது. ஆறு நாளும் காலை 8க்கும் 9க்கும் நடுவில்தான். காரமான நாள், காரமில்லாத நாள் என்ற வித்தியாசமே அதில் தெரியவில்லை.

அடுத்த படிதான் முக்கியமானது. பகல்வேலைக்காரன் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடலாம். நாம் படுக்கையைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். நிஜமாகவே உடம்பைக் கிடத்தும் நேரம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஷிப்ட் முடியும் நேரத்தை அதில் கலக்காதீர்கள். நான் 6.30க்கு வீடு சேர்ந்து, வெந்நீரில் குளித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்க 7.30 ஆகும். அதிலிருந்து மூன்று மணி நேரம் பின்னால் எண்ணினால் 4.30. என் சாப்பாட்டுக் கடை அப்போது சாத்தப்படும். அதன் பிறகு தண்ணீர் மட்டும்தான், அதுவும் வயிறு முட்ட அல்ல.

கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இந்தக் கணக்கு முதலில் இடிப்பது வீட்டின் காலைப் பலகாரத்தோடுதான். என் மனைவிக்கு நான் காலையில் தோசையைத் தொடாதது பெரிய குறையாகிவிட்டது. "ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறீர்கள், வெறும் வயிற்றோடு எப்படிப் படுப்பீர்கள்? உங்கள் அம்மா கேட்டால் நான் என்ன சொல்வது?" என்றாள். நோட்டைக் காட்டினேன். "ஆறு நாள் எரிந்திருக்கிறது. ஒரு வாரம் இப்படி இருந்து பார்க்கிறேன், சரிவரவில்லை என்றால் நீயே ஊட்டிவிடு" என்றேன். நீங்களும் வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பேசாமல் தட்டை ஒதுக்கினால் அது வேறு எரிச்சலில் முடியும்.

முதல் வாரம் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதையேதான் செய்கிறார்கள். காலை உணவு கிடையாது என்றானதும், அந்தப் பசிக்கும் சேர்த்து அதிகாலை 4 மணிக்கே ஒரு முழுச் சாப்பாட்டை அடைத்தேன். படுக்கையில் எரியவில்லை. ஆனால் வேலையில் எரிந்தது. டிரையரிலிருந்து விழும் தூளைப் பார்க்க அடிக்கடி குனிய வேண்டும், மூட்டை நகர்த்த வேண்டும். நிறைந்த வயிற்றோடு குனிவது படுப்பதற்குச் சமம்தான், சொல்லப்போனால் அதைவிட மோசம், வயிற்றை மடித்துப் பிழிகிறோம். போதாததற்கு 5 மணிக்குக் கண் சொருகியது. எந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு அது வயிற்றெரிச்சலைவிடப் பெரிய ஆபத்து.

பெரிய சாப்பாட்டை இரவுக்குள் வைக்கவே கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. இரவில் இரைப்பை மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அதே சாப்பாடு காலை 8 மணிக்கு இறங்கும் வேகத்தில் இரவு 8 மணிக்கு இறங்குவதில்லை. அமிலம் சுரப்பதும் பொதுவாக இரவின் முற்பகுதியில்தான் அதிகம். ஆகவே நாளின் பெரிய சாப்பாட்டைத் தூங்கி எழுந்த பிறகு, பிற்பகலுக்குக் கொண்டுபோனேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து என் நாள் இப்படி அமைந்தது. பகல் 2 மணிக்கு எழுவேன். 3 மணிக்குச் சோறு, குழம்பு, பொரியல், வேண்டுமானால் கறி, எல்லாம் வயிறார. இதுதான் என் முதன்மையான சாப்பாடு. இரவு 8 மணிக்கு நடுத்தரமாக ஒரு சாப்பாடு: மூன்று சப்பாத்தி, அல்லது ஓர் உருண்டை ராகிக் களியும் கீரைக் கடைசலும். இரவு 1 மணிக்குத் தூக்குப் பாத்திரம். அதில் முன்பு போலச் சோறு கிடையாது, மூன்று இட்லியோ ஒரு கிண்ணம் ரவை உப்புமாவோ இருக்கும். 4.15க்கு ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு கை பொரி. 4.30க்குக் கடை சாத்தியாகிவிட்டது. உங்கள் ஷிப்ட் வேறு நேரத்தில் இருந்தால் இந்த மணிகளை அப்படியே எடுக்காதீர்கள். படுக்கும் நேரத்தை வைத்து நீங்களே பின்னால் எண்ணுங்கள்.

4.15இன் அந்தச் சிறு தீனியை வீரமாக விட்டுவிடாதீர்கள். நான் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். காலை 11 மணிக்குப் பசி எழுப்பிவிட்டது, எழுந்து அடுக்களையில் கிடைத்ததைத் தின்று மறுபடி படுத்தேன், எரிந்தது. அப்படிப் பாதித் தூக்கத்தில் எழுந்து தின்பதும் படுக்கைக்கு முன் தின்பதும் ஒன்றுதான்.

பலர் பிடிபடும் இன்னொரு பொறி ஷிப்ட்டுக்கு முந்தைய குட்டித் தூக்கம். என் செவ்வாய்க்கிழமைக் குறிப்பைத் திரும்பப் பாருங்கள்: 8 மணிக்குச் சாப்பாடு, 8.20க்குத் தூக்கம். அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக எரியாததால் அதைக் குற்றவாளியாக நான் எண்ணவே இல்லை. ஆனால் 10 மணிக்கு வேலைக்குப் போகும்போதே புளித்த ஏப்பத்தோடு போயிருக்கிறேன். குட்டித் தூக்கம் தேவைதான், அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் நகர்த்துங்கள். இப்போது 6.30 முதல் 7.30 வரை தூங்கி எழுந்துதான் தட்டின் முன் உட்காருகிறேன். 3 மணிச் சாப்பாட்டுக்கும் அதற்கும் மூன்றரை மணி நேரம் இடைவெளி இருக்கிறது.

தேநீர் விஷயத்துக்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலைக்காரனிடம் தேநீரைக் குறை என்பது மீனிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுவது போல. தேநீர் எல்லோருக்கும் எதுக்களிப்பைக் கூட்டுவதில்லை, ஆளுக்கு ஆள் மாறும். நோட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு 11 மணித் தேநீரால் ஒன்றுமில்லை. 4.30 மணித் தேநீர் மட்டும் இரண்டு வகையில் கெடுத்தது: தூக்கத்தைத் தள்ளிப்போட்டது, கூடவே வர்க்கியை இழுத்து வந்தது. ஊட்டி வர்க்கியின் அந்த மொறுமொறுப்பு அடுக்கடுக்காகக் கொழுப்பு சேர்ப்பதால் வருவது. அதிகாலையில் தின்ற மூன்று வர்க்கி, படுக்கும்போதும் வயிற்றில் இருக்கும். நான் வர்க்கியை விட்டுவிடவில்லை, மாலை 4 மணிக்கு மாற்றிக்கொண்டேன். புதினாத் தேநீர் வயிற்றுக்கு நல்லது என்று யாராவது தந்தால் எச்சரிக்கையாக இருங்கள். புதினா அந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தக்கூடியது. பீடி, சிகரெட்டும் அப்படியே. இரவு விழிக்க உதவுகிறது என்று அதைப் பிடிப்பவர்கள் நோட்டில் ஒரு வாரம் எழுதிப் பார்க்கட்டும்.

நேரத்தை மாற்றியே எனக்கு ஆறு நாள் எரிச்சல் இரண்டு நாளாகக் குறைந்தது. மிச்சத்தைக் கட்டிலில் சரிசெய்தோம். தலைமாட்டுக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கல்லைப் படுக்கை வாட்டில் வையுங்கள், ஏறத்தாழ 15 செ.மீ. உயரும். தலையணைகளை அடுக்கினால் அந்தப் பலன் கிடைக்காது. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறுதான் அழுந்தும். உடம்பு முழுவதும் சரிவாக இருக்க வேண்டும். செங்கல் வழுக்கும் என்பதால் நான் மரப்பட்டறையில் இரண்டு கட்டைகள் வாங்கி, கட்டில் கால் உட்கார நடுவில் குழி தோண்டச் சொன்னேன். முதல் வாரம் தூக்கத்தில் கால்மாட்டுக்கு வழுக்கி வந்துகொண்டே இருந்தேன். வழவழப்பான விரிப்பை எடுத்துவிட்டு ஜமக்காளம் விரித்ததும் நின்றது.

இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். அப்படிப் படுத்தால் இரைப்பையின் பெரிய பை கீழேயும், உணவுக்குழாய் சேரும் வாய் மேலேயும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் வாய் அமிலத்துக்குள் முங்கிவிடும். மலைக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டிசம்பர், ஜனவரிக் குளிரில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு படுப்போம், மேலே இறுக்கமான ஸ்வெட்டர் வேறு. இரண்டும் வயிற்றைப் பிழிபவை. ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள், உடம்பு தானாக நீளும்.

மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எனக்கு எழுதித் தந்தது பாண்டோபிரசோல். சீட்டில் "காலை, வெறும் வயிற்றில்" என்று இருந்தது. நானும் கீழ்ப்படிந்து, காலை 7 மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்று வாரம் பெரிதாகப் பலனில்லை. இந்த வகை மாத்திரை, இரைப்பையில் அப்போது இயங்கிக்கொண்டிருக்கும் அமிலச் சுரப்பிகளைத்தான் அடைக்கும். அவை விழித்து இயங்குவது சாப்பாடு வரும்போது. மருந்தோ இரத்தத்தில் சில மணி நேரம்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டுத் தூங்கினால், சுரப்பிகள் எழும்போது மருந்து போய்விட்டிருக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்பதே அதன் விதி. பகல்வேலைக்காரனுக்கு அது காலையில் வருகிறது, அவ்வளவுதான். "ஐயா, எனக்குக் காலை என்பது பிற்பகல் 2 மணி" என்று மருத்துவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, எழுந்ததும் 2 மணிக்குப் போட்டு 3 மணிக்குச் சாப்பிடச் சொன்னார். எட்டு வாரம் எடுத்த பிறகு அவரே நிறுத்தினார். நீங்கள் இரவு ஷிப்ட் என்பதை மருத்துவரிடம் சொல்லாமல் சீட்டு வாங்காதீர்கள்.

இந்த நேர மாற்றம் எல்லோருக்கும் அல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை நகர்த்தக் கூடாது. வேலை நடுவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும் சுருக்குத்தசையைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்தாமல், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். விழுங்கும்போது சோறு அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியில் இரத்தம், தார் போலக் கறுத்த மலம் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்து நேரத்தைக் கடத்தாதீர்கள். அது இதயமாக இருக்கலாம். மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இறங்க நேரம் பிடிக்கும், உடனே கிளம்புங்கள்.

வார விடுமுறை நாளில்தான் எண்ணிக்கை தவறும். அன்று இரவு வீட்டோடு சேர்ந்து 10 மணிக்குப் படுப்பேன் என்றால், 7 மணிக்குச் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். உடம்புக்கோ 1 மணிக்கு இட்லி கேட்டுப் பழக்கம். விழிப்பு வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் படுப்பேன், இடப்பக்கமாக. தோசை இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குச் சுடப்படுகிறது. அம்மா வந்திருந்தபோது, இது என்ன கூத்து என்று கேட்டார். மனைவி அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த தோசையைத் திருப்பினாள்.